தாடி, கண்ணாடி, மொட்டை: மூன்று படங்களிலும் இருப்பது ஒரே ஆளா?

பாலக்கோட்டுப் பேரன்:

எங்கள் தாத்தாவின் தம்பியைச் சின்னத் தாத்தா என்று சொல்வோம். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போனவர். எண்பதுகளின் நடுவில் ஊரோடு தொடர்பு விட்டுப்போனது. இப்போது பழைய வீட்டை இடிக்க வேண்டி தகரப் பெட்டியைக் காலி செய்தபோது மூன்று படங்கள் கிடைத்தன. அதை வைத்து வீடே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

முதல் படம் கறுப்பு வெள்ளை, இடுப்பு வரை தெரியும் ஸ்டுடியோ படம். பின்னால் பென்சிலில் 1974 என்று இருக்கிறது. எண்ணெய் வைத்து வகிடெடுத்த தலை, மழித்த முகம், கண்ணாடி இல்லை. இடது கன்னத்தின் கீழே, தாடைக்கு மேல் ஒரு மச்சம்.

இரண்டாவது 1983-ல் எடுத்த கல்யாண குரூப் படம், கலர். கடைசி வரிசையில் ஓரத்தில் நிற்கிறார். காதை மூடிய முடி, முழுத் தாடி, தடித்த கறுப்பு பிரேம் கண்ணாடி.

மூன்றாவது ஏதோ கம்பெனி அடையாள அட்டையிலிருந்து கிழிந்த துண்டு. பெயர் இருந்த பக்கம் போய்விட்டது. மொட்டை அடித்து முடி லேசாக முளைத்திருக்கிறது, நரைத்த குறுந்தாடி, கண்ணாடி இல்லை. மச்சம் வலது கன்னத்தில்.

தாத்தாவின் தங்கை, எங்கள் அத்தைப் பாட்டி, இரண்டாவது படத்தைப் பார்த்ததும் "இது அவன்தான்" என்று அழுதுவிட்டார். எங்களைப் போன்ற சின்னவர்களுக்கோ அந்தத் தாடிக்காரர் யாரோ போலத்தான் தெரிகிறார். மச்சம் பக்கம் மாறியிருப்பதால் முதல் ஆளும் மூன்றாம் ஆளும் வேறு என்கிறார் என் பெரியப்பா மகன். யார் சொல்வதை நம்புவது?

---

அரூர் ஆசிரியை:

தம்பி, பாட்டிக்குத் தெரிவதும் உங்களுக்குத் தெரியாததும் இரண்டுமே இயல்புதான். முகத்தை அடையாளம் காண்பதைப் பற்றி உளவியல் வகுப்பில் பாடம் எடுப்பதால் சொல்கிறேன்.

நமக்குப் பழக்கமில்லாத முகத்தைப் பார்க்கும்போது முடி, தலையின் வடிவம், முகத்தின் வெளிக்கோடு இவற்றைத்தான் பெரிதும் பிடித்துக்கொள்கிறோம். நன்கு பழகிய முகம் என்றால் கண், மூக்கு, வாய் இருக்கும் நடுப்பகுதி கைகொடுக்கிறது. பழகிய முகத்துக்கு நடுப்பகுதி கைகொடுப்பதை 1979-லேயே பிரிட்டனில் சோதித்துக் காட்டினார்கள். முடியும் தாடியும் மாறினால் வெளிக்கோடு முழுக்க மாறிவிடும். உங்களிடம் இருந்த ஒரே பிடியும் அதோடு போய்விடுகிறது. பாட்டிக்குப் பிடி வேறு இடத்தில் இருக்கிறது.

2011-ல் வந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவானது. நெதர்லாந்து நாட்டின் இரண்டு பெண் பிரபலங்களை எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு 20 படம், மொத்தம் 40. அவற்றைக் கலந்து கொடுத்து, ஒரே ஆளின் படங்களை ஒரே அடுக்காக வையுங்கள் என்றார்கள். அந்தப் பெண்களை அறியாத பிரிட்டன்காரர்கள் சராசரியாக ஏழெட்டு அடுக்கு வைத்தார்கள். சிலர் பத்துக்கும் மேல் போனார்கள். நெதர்லாந்துக்காரர்களுக்குப் பெரும்பாலும் இரண்டே அடுக்குதான் வந்தது. இத்தனைக்கும் அதில் தாடியும் இல்லை, மொட்டையும் இல்லை. வெளிச்சம், முடி, சிரிப்பு, வயது இவை மாறியதற்கே அந்தக் கதி.

கவனித்தீர்களா, அவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கலந்தது குறைவு. ஒரே ஆளைப் பல பேராக உடைத்ததுதான் அதிகம். உங்கள் வீட்டிலும் நடப்பது அதுதான். "இவர் வேறு ஆள்" என்ற எண்ணம் உறுதியாகத் தோன்றுவது இயல்பு, ஆனால் அதற்குச் சான்று மதிப்பு மிகக் குறைவு.

---

அளவுகோல்:

இவ்வளவு யோசிக்க வேண்டாம். வயது வந்த பிறகு எலும்பு மாறாது. இரண்டு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, மூக்கின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். மூன்று படத்திலும் அதே விகிதம் வந்தால் ஒரே ஆள், வராவிட்டால் வேறு ஆள். முடியும் தாடியும் இந்தக் கணக்கில் வரவே வராது.

---

காவேரிப்பட்டணம் ஸ்டுடியோ:

அளவுகோல் சார், எலும்பு பெரிதாக மாறாது என்பது சரி. ஆனால் நீங்கள் அளக்கப்போவது எலும்பை இல்லையே, படத்தை. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பிலிம் காலத்திலிருந்து படம் எடுத்தவன் நான். பாஸ்போர்ட் படம் எடுக்கும்போது "மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க" என்போம். அந்தக் கொஞ்சத்திலேயே மூக்கு நீண்டு தெரியும். நிமிர்ந்தால் மூக்கு குட்டை. முகத்தை லேசாகப் பக்கவாட்டில் திருப்பினால் இரண்டு கண்ணுக்கும் உள்ள தூரம் சுருங்கும். கேமரா எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதும் முக்கியம். கிட்டே வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போய்விடும். ஆறேழு அடி தள்ளி நின்று எடுத்த ஸ்டுடியோ படத்தில் அந்தக் கோளாறு இல்லை. ஒரே ஆளை ஒரே நாளில் எடுத்தாலே உங்கள் விகிதம் ஒத்து வராது.

குரூப் படம் இன்னும் மோசம். மண்டபத்தில் இடம் பற்றாமல் அகன்ற லென்ஸ் போட்டுத்தான் எடுப்போம். ஓரத்தில் நிற்பவர்களின் முகம் பக்கவாட்டில் இழுபட்டு அகலமாக விழும். இவர் ஓரத்தில் நின்றிருக்கிறார், அதோடு தாடி வேறு. உருண்டை முகமாகத் தெரிந்தால் ஆச்சரியமே இல்லை.

பேரன் தம்பிக்கு ஒரு கேள்வி. 1974 படத்தில் சட்டைப் பை தெரிகிறதா? தெரிந்தால், அது அவருடைய எந்தப் பக்கம் இருக்கிறது?

---

தாடி வளர்ப்போன்:

எனக்கும் இதே மாதிரி ஆள் மாறிய தோற்றம் வேண்டும். கல்யாணத்துக்கு முன் போட்டோ எடுக்கப்போகிறோம். நீள முகத்துக்குத் தாடி எவ்வளவு விடலாம், கண்ணாடி வட்டமா சதுரமா? தருமபுரியில் நல்ல சலூன் இருந்தால் சொல்லுங்கள்.

---

பென்னாகரம் சலூன்:

தம்பி, இது காணாமல் போன ஒருவரைத் தேடும் இழை. நீங்கள் தனி இழை தொடங்குங்கள், அங்கே சொல்கிறேன். ஒன்று மட்டும் இப்போதே: நீள முகத்துக்கு மோவாயில் நீளம் விடாதீர்கள், பக்கவாட்டில் விடுங்கள்.

பேரனுக்கு: தாடியை மழித்தால் ஆள் மாறுவான், ஆனால் தாடி முளைக்கும் விதம் அவ்வளவு சுலபமாக மாறாது. கீழ் உதட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் சிலருக்கு முடி வராத திட்டு இருக்கும். சிலருக்கு மீசையும் தாடியும் சேரும் இடத்தில் இடைவெளி விழும். சிலருக்குக் கன்னத்தில் தாடி ஏறும் கோடு ஒரு பக்கம் உயர்ந்து இன்னொரு பக்கம் இறங்கி இருக்கும். எத்தனை முறை சிரைத்தாலும் அப்படியேதான் திரும்பி வரும். வயதானால் அடர்த்தி கூடலாம், ஆனால் திட்டு பெரும்பாலும் தன் இடத்தில்தான் இருக்கும். இரண்டாவது படத்தின் தாடியையும் மூன்றாவது படத்தின் குறுந்தாடியையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மொட்டையையும் வீணாக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் முளைத்த மொட்டையில் முடி எங்கே தொடங்குகிறது என்பது நிழல் மாதிரி தெரியும். நெற்றியின் இரண்டு மூலையும் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று கோடு போட்டுப் பார்க்கலாம். 1974-ல் இருந்ததைவிட ஏறியிருந்தால் குற்றமில்லை, அது வயது. 1974-ல் ஏறியிருந்து பிறகு இறங்கியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

---

பாலக்கோட்டுப் பேரன்:

ஸ்டுடியோ அண்ணா, பை தெரிகிறது, பேனாகூடச் சொருகியிருக்கிறார். அவருடைய வலது பக்கம் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள்?

---

காவேரிப்பட்டணம் ஸ்டுடியோ:

நினைத்தேன். ஆண்கள் சட்டையில் ஒற்றைப் பை இடது பக்கம்தான் வரும். வலது பக்கம் தெரிகிறது என்றால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். பிலிமுக்கு ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் பளபளப்பு. மங்கல் பக்கம் கீழே, பேப்பரைப் பார்த்து இருக்க வேண்டும். இருட்டறையில் அவசரத்தில் மாற்றி வைத்தால் படம் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடம் வலமாகிவிடும். முகத்தில் யாருக்கும் தெரியாது. எழுத்தோ பையோ இருந்தால்தான் மாட்டிக்கொள்ளும்.

அப்படியானால் 1974 படத்தில் இடது கன்னத்தில் தெரியும் மச்சம் உண்மையில் வலது கன்னத்தில் இருக்கிறது. வகிடும் அப்படியே பக்கம் மாறும்.

மூன்றாவது படத்தையும் இதேபோல் பாருங்கள். பை தெரியாவிட்டால் பொத்தான் பட்டி போதும். ஆண்கள் சட்டையில் இடப்பக்கப் பட்டி மேலே இருக்கும். இப்போதைய செல்பிக்கும் இது பொருந்தும். சில போன்கள் முன் கேமராவில் எடுத்ததைத் திருப்பியே சேமிக்கின்றன. வகிடு மாறியதால் ஆளே மாறிய மாதிரி தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

---

பாலக்கோட்டுப் பேரன்:

மூன்றாவதில் கழுத்துக்குக் கீழே கொஞ்சம்தான் தெரிகிறது. ஆனால் இடப்பக்கப் பட்டி மேலே இருப்பது தெளிவாக இருக்கிறது. அப்படியானால் இரண்டு படத்திலும் மச்சம் ஒரே கன்னத்தில், கிட்டத்தட்ட ஒரே உயரத்தில். பெரியப்பா மகனிடம் காட்டினேன், முதல் படத்தைப் போனில் திருப்பியும் வைத்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

இரண்டாவதில் அந்த இடம் தாடிக்குள் போய்விட்டது, ஒன்றும் தெரியவில்லை.

---

காவேரிப்பட்டணம் ஸ்டுடியோ:

தாடிக்குள் தெரியாததை எதிர்ச்சான்றாக எடுக்க வேண்டாம். ஸ்டுடியோ படத்தில் மச்சமே இல்லை என்றாலும் எடுக்கக்கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறேன். அந்தக் காலத்தில் நெகட்டிவிலேயே கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்வோம். கறுப்பு மச்சம் நெகட்டிவில் வெளுத்த புள்ளியாக இருக்கும். அதைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் மச்சம் மறைந்துவிடும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் அப்படித்தான் துடைப்போம். பெண் பார்க்கக் கொடுக்கும் படம் என்றால் கேட்காமலேயே செய்வோம். ஆகவே மச்சம் இருந்தால் சான்று, இல்லாவிட்டால் பெரிதாக ஒன்றுமில்லை.

---

பர்கூர் அக்கா:

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேண்டுதலுக்காக மொட்டை போட்டு வந்த மாதத்தில் ஓர் அலுவலகத்துக்கு ஆவணம் வாங்கப் போனேன். அட்டையில் நீள முடி, பொட்டு, கண்ணாடி இல்லை. நேரில் மொட்டை, கண்ணாடி. கவுன்டரில் இருந்தவர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "உங்க அக்கா அட்டையா?" என்று கேட்டார். எவ்வளவு சொல்லியும் ஏற்கவில்லை. தெரிந்த ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. கோயிலுக்கு முடி கொடுக்கிற ஊரில் இருந்துகொண்டு இதுகூடவா புரியாது என்று இன்றும் மனசு ஆறவில்லை. இதற்கென்று பயிற்சி கொடுக்கக்கூடாதா?

---

அரூர் ஆசிரியை:

அக்கா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பயிற்சி, அனுபவம் என்பதில் நாம் நினைக்கும் அளவுக்குப் பலன் இல்லை. ஆஸ்திரேலியாவில் பாஸ்போர்ட் அலுவலர்களையே சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். நேரில் நின்ற ஆளின் படமே இல்லாத வேறொருவர் படத்தை நூற்றுக்கு 14 முறை "இவர்தான்" என்று ஏற்றுக்கொண்டார்கள். பல ஆண்டு வேலை பார்த்தவர்களும் புதியவர்களும் இதில் வேறுபடவில்லை. உங்கள் கவுன்டர்காரர் தினமும் நூறு முகம் பார்க்கலாம், அவை அத்தனையும் அவருக்குப் பழக்கமில்லாத முகங்கள்தான்.

ஒரு படத்தில் கண்ணாடி போட்டு, இன்னொன்றில் போடாமல் இருந்தால் தவறு இன்னும் கூடுகிறது என்பதும் தெரிந்த விஷயம். இரண்டிலும் போட்டிருந்தால் அவ்வளவு பாதிப்பு இல்லை.

---

ஓசூர் ஆப்டிகல்ஸ்:

கண்ணாடி பற்றி நானும் சொல்கிறேன். பிரேம் மட்டும் ஆளை மாற்றுவதில்லை, பவரும் மாற்றும். கிட்டப்பார்வைக்குப் போடும் மைனஸ் லென்ஸ் கண்ணைச் சின்னதாகக் காட்டும். பவர் கூடக் கூட இன்னும் சின்னதாகும். பிளஸ் லென்ஸ் கண்ணைப் பெரிதாக்கும். எண்பதுகளில் கண்புரை அறுவை செய்து உள்ளே லென்ஸ் வைக்காதவர்களுக்குத் தடித்த பிளஸ் கண்ணாடிதான் கொடுப்பார்கள். கண் முழித்துப் பார்ப்பது போல இருக்கும், சொந்தக்காரர்களே தயங்குவார்கள்.

இரண்டாவது படத்தில் கண்ணாடியின் வெளி ஓரத்தில், கன்னப்பொட்டின் விளிம்பைப் பாருங்கள். லென்ஸ் வழியாகத் தெரியும் முகக்கோடு வெளியே இருக்கும் கோட்டிலிருந்து உள்ளே தள்ளி முறிந்திருந்தால் மைனஸ். வெளியே தள்ளியிருந்தால் பிளஸ். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் நன்றாகத் தெரியும்.

---

பாலக்கோட்டுப் பேரன்:

உள்ளேதான் தள்ளியிருக்கிறது, நன்றாகவே. அப்படியானால் கிட்டப்பார்வை. சின்னத் தாத்தா பள்ளியில் கரும்பலகை தெரியாமல் முன் வரிசையில் உட்காருவார் என்று அத்தைப் பாட்டி முன்பே சொன்னதுண்டு. ஆனால் மற்ற இரண்டு படத்திலும் கண்ணாடி இல்லையே?

---

ஓசூர் ஆப்டிகல்ஸ்:

படம் எடுக்கும்போது கழற்றியிருக்கலாம். லென்ஸில் லைட் அடித்து வெள்ளையாகும் என்று போட்டோகிராபர்களே கழற்றச் சொல்வார்கள். மூன்றாவது படத்தில் மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் பிரேம் அழுந்திய தடம் இருக்கிறதா பாருங்கள். தினமும் கனமான கண்ணாடி போடுபவர்களுக்கு அது கழற்றியதும் போகாது. ஆனால் கிழிந்த சின்னப் படத்தில் தெரிவது சந்தேகம்தான். அதோடு, கிட்டப்பார்வை உள்ளவர்கள் ஊரில் ஏராளம். அதை மட்டும் வைத்து இவர்தான் என்று சொல்லிவிட முடியாது.

---

அளவுகோல்:

சரி, தூர விகிதம் படத்துக்குப் படம் மாறும் என்பதை ஏற்கிறேன். அப்படியானால் காது? காது ஆளுக்கு ஆள் வேறு என்பார்களே.

---

காவேரிப்பட்டணம் ஸ்டுடியோ:

காது நல்ல அடையாளம்தான், அதை அளவாகப் பார்க்காமல் வடிவமாகப் பாருங்கள். மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, தொங்குகிறதா. மேல் மடிப்பு எங்கே தடித்து எங்கே மெலிகிறது. உள்ளே இருக்கும் மேடு எப்படிப் பிரிகிறது. வயதானால் மடல் நீளும், ஆனால் ஒட்டிய மடல் தொங்கும் மடலாகாது. முதல் படத்தைத் திருப்பிப் போட்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் வலது காதை இடது காதோடு ஒப்பிடுவீர்கள். அதோடு, காதில் ஒற்றுமை தேடுவதைவிட வேற்றுமை தேடுங்கள். விளக்கம் சொல்ல முடியாத ஒரு வேற்றுமை வந்தாலும் கதை முடிந்தது. ஒற்றுமை பத்து வந்தாலும் "இருக்கலாம்" என்பதற்கு மேல் போகாது.

---

பாலக்கோட்டுப் பேரன்:

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்திலும் மூன்றாவதிலும் வலது காது தெரிகிறது. இரண்டிலும் மடல் தொங்குகிறது, மூன்றாவதில் நீளம் அதிகம். மேல் மடிப்பில் பின்பக்கம் சின்னப் புடைப்பு இரண்டிலும் இருக்கிறது. இரண்டாவதில் காது முடிக்குள் போய்விட்டது.

சலூன் அண்ணா சொன்னது வேறு இடத்தில் உதவியது. இரண்டாவது படத்தில் கீழ் உதட்டுக்குக் கீழே இடப்பக்கம் தாடி மெலிந்து தோல் தெரிகிறது. மூன்றாவதில் அதே இடத்தில் நரைமுடி இல்லாத திட்டு. வலப்பக்கம் இரண்டிலும் நிறைந்திருக்கிறது. நெற்றி மூலை மூன்றாவதில்தான் அதிகம் ஏறியிருக்கிறது.

---

பென்னாகரம் சலூன்:

ஒரு பக்கம் மட்டும் திட்டு என்றால் எல்லோருக்கும் வருவது இல்லை. ஆனால் புழுவெட்டு வந்தாலும் அப்படி வட்டமாக விழும், பிறகு முளைத்தும் விடும். ஓரம் வட்டமாகச் சுத்தமாக இருந்தால் புழுவெட்டாக இருக்கலாம். ஒழுங்கில்லாமல் மெல்ல மெல்லக் குறைந்திருந்தால் பிறவித் திட்டு.

---

அரூர் ஆசிரியை:

பேரன் தம்பி, இப்போது மிக முக்கியமானது பாட்டியின் சாட்சி. அவர் பழகிய முகத்தைச் சொல்கிறார், அது உங்கள் எல்லோருடைய கண்ணையும்விட வலியது. ஆனால் அவர் தம்பியைத் தேடுகிறவர். "இது சின்னத் தாத்தாவா பாருங்க" என்று நீட்டினால் ஆசையே பதில் சொல்லிவிடும். இரண்டாவது படத்தை நீங்கள் அப்படித்தான் காட்டியிருப்பீர்கள்.

ஆகவே மற்றப் படங்களை வேறு விதமாகக் காட்டுங்கள். அந்தக் காலத்து ஆண்கள் படம் ஐந்தாறு சேருங்கள், வயது, மொட்டை, தாடி எல்லாம் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். அவர்கள் குடும்பத்தாராக இருக்கக் கூடாது. முகம் மட்டும் தெரிய ஒரே அளவில் வெட்டி, ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். இதில் தெரிந்தவர் யாரும் இல்லாமலும் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எது அவர் படம் என்று தெரியாத ஒருவர் காட்டுவது நல்லது. உங்கள் முகத்தைப் பார்த்தே பாட்டி கண்டுபிடித்துவிடுவார். தயங்குகிறாரா, உடனே சொல்கிறாரா என்பதையும் எழுதி வையுங்கள்.

---

பர்கூர் அக்கா:

வயசானவங்களை இப்படிச் சோதிப்பது கஷ்டமாக இருக்கிறது டீச்சர். அவர் அழுததே போதாதா?

---

அரூர் ஆசிரியை:

அவர் கண்ணீரைச் சந்தேகப்படவில்லை அக்கா. வேறொருவரைத் தம்பி என்று நம்பி ஓசூரில் அலையவிட்டால் அது இன்னும் பெரிய கஷ்டம்.

---

பாலக்கோட்டுப் பேரன்:

பக்கத்து வீட்டு அண்ணியை வைத்துக் காட்டச் செய்தோம், நான் அறையிலேயே இல்லை. 1974 படத்தைத் திருப்பிச் சரிசெய்து வைத்திருந்தோம். அதைப் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிட்டார், தயக்கமே இல்லை. மற்ற ஆண்களை "யாரோ" என்று தள்ளிவிட்டார். மொட்டைப் படத்தை இரண்டு முறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். "எங்க அப்பா மாதிரி இருக்கு, ஆனா அவர் இல்லை" என்றாராம். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

---

அளவுகோல்:

அப்பா ஜாடை என்றால் தம்பியேதான். முடிந்தது.

---

அரூர் ஆசிரியை:

முடியவில்லை சார். அப்பா ஜாடை பங்காளி வீட்டுப் பையனுக்கும் இருக்கும். பாட்டி அவரைக் கடைசியாகப் பார்த்தது எண்பதுகளில். அதற்குப் பிறகு வந்த முகம் பாட்டிக்கும் பழக்கமில்லாத முகம்தான். பல் விழுந்தால் முகத்தின் கீழ்ப்பாதியே குறுகிவிடும். மச்சம், காது, தாடித் திட்டு மூன்றும் ஒத்துப்போவதால் நான் ஒரே ஆள் என்ற பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் உறுதி என்று எழுத மாட்டேன்.

---

காவேரிப்பட்டணம் ஸ்டுடியோ:

எனக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை அதிகம். இருந்தாலும் இனி முகத்தைப் பார்த்துப் பயனில்லை. அந்த அட்டைத் துண்டின் பின்பக்கத்தை 600 dpi-யில் ஸ்கேன் செய்து போடுங்கள். படத்தின் மேல் பாதி விழுந்த முத்திரை இருந்தால் அதில் கம்பெனிப் பெயரின் எழுத்து ஒன்றிரண்டு கிடைக்கும். அட்டையோடு ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள்.

---

ஓசூர் ஆப்டிகல்ஸ்:

எழுத்து கிடைத்தால் இங்கே போடுங்கள் தம்பி. சிப்காட்டில் அந்தக் காலத்திலிருந்து வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிலர் எங்கள் கடைக்கு வருகிறார்கள். படத்தைக் காட்டுவதற்கு முன் கம்பெனிப் பெயரை மட்டும் வைத்து விசாரிக்கிறேன்.